ஆண்டு முடிந்த பிறகு வாடிக்கையாளர் கைவிரித்தால், நட்டம் எந்த ஆண்டுக் கணக்கில் ஏறும்?

உரக்கடை மருமகள் (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். என் மாமனார் தொடங்கிய உரக்கடை இப்போது செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனமாக இருக்கிறது. உரம், களைக்கொல்லி, அரிவாள், கத்தி, தள்ளுவண்டி போன்றவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களின் குத்தகையாளர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் விற்கிறோம். எங்கள் கணக்காண்டு 31 டிசம்பர் 2024 அன்று முடிந்தது. இயக்குநர்களான என் கணவரும் மாமியாரும் 28 ஏப்ரல் 2025 அன்று நிதி அறிக்கையில் கையெழுத்திடுவதாக இருக்கிறார்கள். அதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

முதலாமவர் செம்பனைக் குலை வெட்டும் குத்தகையாளர். ஆண்டு முடிவில் அவருடைய பாக்கி 62,000 ரிங்கிட். பிப்ரவரி 20 அன்று தொழிலை மூடிவிட்டதாகச் சொன்னார். மார்ச் மாதம் லோரியை விற்று, நிதி நிறுவனத்தின் கடனைக் கட்டியது போக மீந்த 15,000 ரிங்கிட்டை எங்களிடம் கொடுத்தார். இனி அவரிடம் ஒன்றும் இல்லை.

இரண்டாமவர் தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தவர். எங்களிடம் மொத்த விலைக்குக் களைக்கொல்லியும் கத்திகளும் வாங்கி விற்பார். ஆண்டு முடிவில் 24,000 ரிங்கிட் பாக்கி இருந்தது. ஜனவரி 11 அன்று இரவில் கடை முழுவதும் எரிந்துவிட்டது, காப்புறுதி எடுத்திருக்கவில்லை. மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதாகச் சொல்கிறார். மொத்தத்தில் 6,000 ரிங்கிட்டுக்கு மேல் வரும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இந்த இரண்டு நட்டங்களும் 2024ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறுமா, 2025இல் ஏறுமா? இப்போதைய வரைவில் 2024க்கான வரிக்கு முந்திய இலாபம் 118,000 ரிங்கிட் என்று இருக்கிறது.

பழைய கிராணி

அம்மா, நான் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் இதற்கு ஒரே ஒரு விதிதான் இருந்தது. ஆண்டுக் கடைசி நாளில் பேரேட்டை மூடினால் மூடியதுதான். குத்தகையாளர் கடையை மூடியது பிப்ரவரியில். மளிகைக்கடை எரிந்தது ஜனவரியில். இரண்டும் 2025இல் நடந்தவை என்பதால் இரண்டும் 2025 கணக்கிலேயே ஏற வேண்டும். நடந்த தேதியை மாற்றி எழுத யாருக்கும் உரிமை இல்லை.

கிந்தா மாணவன்

ஐயா சொல்வதை ஏற்க முடியவில்லை. நான் கணக்கியல் படிக்கிறேன். கையெழுத்திடும் நாள்வரை தெரியவரும் எல்லாச் செய்தியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பாடம். இரண்டு செய்திகளும் ஏப்ரல் 28க்கு முன்பே தெரிந்துவிட்டன. ஆகவே 47,000, 18,000 ஆகிய இரண்டும் 2024இல் நட்டமாக ஏறி, இலாபம் 53,000 ரிங்கிட்டாகக் குறைய வேண்டும். உண்மை தெரிந்த பிறகும் பழைய தொகையையே காட்டுவது வாசிப்பவரை ஏமாற்றுவது ஆகாதா?

ஈப்போ தணிக்கையாளர்

கிராணி ஐயாவும் தம்பியும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் இரண்டு பாதிகளையும் ஒட்டினால் முழு விடை வராது. கையெழுத்திடும் நாள்வரை காதையும் கண்ணையும் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதில் தம்பி சொல்வது சரி. பின்னால் நடந்ததையெல்லாம் முன்னால் இழுத்துப் போடக்கூடாது என்பதில் ஐயா சொல்வது சரி. கேட்க வேண்டிய கேள்வி வேறு: பின்னால் வந்த செய்தி, டிசம்பர் 31 அன்று ஏற்கெனவே இருந்த ஒரு நிலைமையைக் காட்டிக்கொடுக்கிறதா, அல்லது அதற்குப் பிறகு புதிதாகப் பிறந்த ஒரு நிலைமையைச் சொல்கிறதா? முன்னதைச் சரிக்கட்டும் நிகழ்வு என்கிறோம். அதற்காக 2024இன் தொகைகளை மாற்ற வேண்டும். பின்னது சரிக்கட்டாத நிகழ்வு. தொகைகளைத் தொடக்கூடாது, ஆனால் பெரிய தொகையாக இருந்தால் குறிப்புகளில் சொல்லியாக வேண்டும்.

உங்களுடையதைப் போன்ற தனியார் நிறுவனங்களுக்கு 2016 ஜனவரி முதல் நடப்பிலுள்ள எம்பெர்ஸ் என்ற கணக்கியல் தரநிலையின் 32ஆம் பிரிவு இதைப் பற்றியது. பொதுப் பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய தோட்ட நிறுவனங்கள் எம்.எஃப்.ஆர்.எஸ். 110 என்ற தரநிலையைப் பார்க்கும். அடிப்படைக் கருத்து இரண்டிலும் ஒன்றுதான்.

மருமகளே, நீங்கள் கைவிரித்த தேதியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது அதற்கு முந்திய கதை. குத்தகையாளர் கடைசியாக எப்போது ஒழுங்காகப் பணம் கட்டினார்? அவர் வேலை செய்த தோட்டத்தில் அவருடைய குத்தகை எப்போது முடிந்தது? மளிகைக்கடைக்காரர் தீப்பிடிக்கும் முன் எப்படிக் கட்டிக்கொண்டிருந்தார்?

உரக்கடை மருமகள்

அக்கா, பேரேட்டையும் கோப்பையும் எடுத்துப் பார்த்து எழுதுகிறேன். குத்தகையாளருக்கு நாங்கள் கொடுத்தது 60 நாள் தவணை. அவர் கடைசியாக முழுத் தொகை கட்டியது செப்டம்பரில். அக்டோபரில் தோட்ட நிர்வாகம் அவருடைய குத்தகையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது என்று என் கணவர் இப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டார். அப்போது எங்களுக்குத் தெரியாது. நவம்பரில் அவர் கொடுத்த 10,000 ரிங்கிட் காசோலை பணமில்லை என்று திரும்பி வந்தது. டிசம்பரில் தீபாவளிச் செலவைக் காரணம் சொல்லி இன்னும் மூன்று மாதம் அவகாசம் கேட்டார். மாமனாருக்குப் பழகிய ஆள் என்பதால் நாங்களும் சரியென்றோம்.

மளிகைக்கடைக்காரர் அப்படியில்லை. நவம்பர் பில்லை டிசம்பரிலேயே கட்டினார். தீப்பிடிப்பதற்கு ஆறு நாள் முன்னால், ஜனவரி 5 அன்று கூட டிசம்பர் பில்லில் ஒரு பகுதியைக் கட்டினார். அதைக் கழித்துதான் 24,000 என்று எழுதினேன்.

ஈப்போ தணிக்கையாளர்

கடைசி வரியை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். ஜனவரி 5இல் வந்த பணத்தைக் கழித்துவிட்டால் அது டிசம்பர் 31இன் பாக்கி ஆகாது. பணம் வாங்கிய நாளிலேயே பதிவாக வேண்டும். ஆண்டு முடிவு பாக்கி 24,000உடன் அந்தத் தொகையும் சேர்ந்தது. ஆனால் அது உங்களுக்கு ஒரு சான்றாகவும் பயன்படும், கீழே சொல்கிறேன்.

குத்தகையாளர் விஷயத்தில் சந்தேகம் இல்லை. குத்தகை பறிபோனது அக்டோபரில். காசோலை திரும்பியது நவம்பரில். அவகாசம் கேட்டது டிசம்பரில். டிசம்பர் 31 அன்றே அவரால் கடனைத் தீர்க்க முடியாத நிலை. பிப்ரவரியில் அவர் மூடியது அந்த நிலையின் முடிவு மட்டும்தான், தொடக்கம் அல்ல. குத்தகை போனது உங்களுக்கு அப்போது தெரியாதிருந்ததால் விடை மாறாது. நீங்கள் அறிந்த தேதியை அல்ல, நிலைமை இருந்த தேதியைத்தான் பார்க்கிறோம். வாடிக்கையாளர் நொடித்துப்போனது ஆண்டு முடிவுக்குப் பிறகு தெரியவந்தால், பெரும்பாலும் நட்டம் ஆண்டு முடிவிலேயே இருந்தது என்றுதான் தரநிலையும் சொல்கிறது. அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைத் தம்பி அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளட்டும்.

எவ்வளவு நட்டம் என்பதற்கும் பின்னால் வந்த செய்தியே துணை. மார்ச்சில் 15,000 கையில் வந்துவிட்டதால் மீதி 47,000 ரிங்கிட்டுக்கு 2024இலேயே மதிப்பிழப்பு நட்டம் பதிய வேண்டும். மதிப்பிழப்பு நட்டத்தில் 47,000 பற்று, வாராக்கடன் ஒதுக்கீட்டில் 47,000 வரவு. இலாபம் 118,000இலிருந்து 71,000 ரிங்கிட்டாகக் குறையும். வருமான வரியில் இந்தத் தொகையைக் கழிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு நீங்கள் பணத்தை வசூலிக்க எடுத்த முயற்சிகளை உள்நாட்டு வருமான வரி வாரியம் பார்க்கும். அவருக்கு அனுப்பிய கடிதங்களையும் திரும்பி வந்த காசோலையையும் பத்திரமாக வைத்திருங்கள்.

மளிகைக்கடை இதற்கு நேர் எதிர். டிசம்பர் 31 அன்று கடை நின்றது, வியாபாரம் நடந்தது, ஆள் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தார். ஜனவரி 5இல் வந்த பணமே அதற்குச் சாட்சி. அவரை முடக்கியது ஜனவரி 11இன் தீ. ஆண்டு முடிவில் அந்தத் தீ இல்லை; அது வரும் என்ற நிலைமையும் இல்லை. ஆகவே அந்தப் பாக்கி 2024இன் இருப்புநிலைக் குறிப்பில் முழுதாகவே நிற்கும். 18,000 நட்டம் 2025இல் ஏறும். ஆனால் 71,000 இலாபம் காட்டும் கடைக்கு 18,000 சிறிய தொகை இல்லை. ஆகவே குறிப்புகளில், ஆண்டு முடிவுக்குப் பிறகு ஒரு வாடிக்கையாளரின் கடை தீயில் அழிந்தது என்றும், அதனால் சுமார் 18,000 ரிங்கிட் வசூலாகாது என்று மதிப்பிடப்படுகிறது என்றும் எழுத வேண்டும். மதிப்பிட முடியாவிட்டால் முடியவில்லை என்றே எழுத வேண்டும். தம்பி கேட்ட ஏமாற்றுக் கேள்விக்கு அந்தக் குறிப்புதான் விடை: வாசிப்பவரிடம் எதையும் மறைக்கவில்லை, ஆனால் 2025இன் தீயை 2024இன் இலாபத்தில் கழிக்கவும் இல்லை.

பழைய கிராணி

இந்தப் பிரிவு எனக்குப் புதிது. இருந்தாலும் ஒரு கேள்வி கேட்கிறேன். மளிகைக்கடைக்காரரும் அக்டோபரிலிருந்தே தள்ளாடிக்கொண்டிருந்து, பிறகு தீப்பிடித்திருந்தால்? தீயைச் சாக்காகச் சொல்லிவிட்டு நட்டத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாமே. தள்ளிப்போட விரும்பும் முதலாளிகளைத் தோட்டத்து அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஈப்போ தணிக்கையாளர்

ஐயா, அதைத்தான் தணிக்கையில் தேடுகிறோம். தீக்கு முன் எவ்வளவு வசூலாகியிருக்கும் என்று தனியாக மதிப்பிட வேண்டும். ஏற்கெனவே பாதிதான் வரும் என்ற நிலை இருந்திருந்தால், அந்தப் பாதி நட்டம் 2024இல். தீயால் கூடிய மீதி 2025இல். ஒரே ஆள், ஒரே பாக்கி என்றாலும் இரண்டாகப் பிரியும். அப்படிப் பிரிக்கப் பேரேட்டின் வசூல் வரிசையும் வங்கிக் கணக்கறிக்கையும் போதும். பேச்சை மட்டும் நம்பக்கூடாது.

லோரி அண்ணன்

எனக்கும் இதே சிக்கல்தான். நான் தனியாளாக இரண்டு லோரி ஓட்டுகிறேன். டிசம்பர் மாத மின்கட்டண பில் ஜனவரி நடுவில்தான் வருகிறது. பட்டறை வேலைக்கான பில்லும் அப்படியே. இதைச் சரிக்கட்டும் நிகழ்வு என்று எடுத்துக்கொண்டு போன ஆண்டில் போடலாமா?

கிந்தா மாணவன்

அண்ணன், உங்களுடையது இந்தக் கேள்வி இல்லை. டிசம்பரில் மின்சாரம் எரித்தீர்கள், டிசம்பரில் லோரியைப் பழுது பார்த்தீர்கள். செலவு டிசம்பரிலேயே உண்டாகிவிட்டது. பில் அதற்கான காகிதம். அதைக் கொடுபட வேண்டிய செலவாக டிசம்பரில் எழுதுவது எல்லா ஆண்டும் செய்யும் வழக்கமான பதிவுதான். இங்கே பேசுவது, ஆண்டு முடிவில் எவ்வளவு என்றே தெரியாமல் இருந்து, பின்னால் ஒரு நிகழ்வு வந்து காட்டிக்கொடுப்பதைப் பற்றி.

லோரி அண்ணன்

சரி தம்பி. அப்படியானால் எனக்கு வேலை குறைவு.

தைப்பிங் கணக்காளர்

பாக்கி விஷயத்தில் ஈப்போ சகோதரி சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தீயைப் பற்றிப் பேசும்போது எனக்கு 2020தான் நினைவுக்கு வருகிறது. 31 டிசம்பர் 2019இல் கணக்கு முடித்த வாடிக்கையாளர்கள் பலர், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 18 மார்ச் 2020இல் வந்ததும், கணக்கையே திருத்த வேண்டுமா என்று கேட்டு வந்தார்கள். கோவிட் பரவலும் அதன் கட்டுப்பாடுகளும் 2019இன் கடைசி நாளில் அவர்களுடைய வியாபாரத்தைத் தொடவில்லை. ஆகவே பொதுவாகச் சரிக்கட்டாத நிகழ்வு என்று குறிப்பில் மட்டும் எழுதினோம். 2020 மார்ச் 31இல் கணக்கு முடித்தவர்களுக்கு அது நடப்பு நிலைமையாகிவிட்டது. தொகைகளிலேயே பாதிப்பைக் காட்ட வேண்டியிருந்தது. ஒரே ஆணை, ஆண்டு முடியும் தேதி வேறு, விடையும் வேறு.

மருமகள் சரக்கைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. உரக்கடையில் எப்போதும் சிக்கல் சரக்கில்தான் இருக்கும்.

உரக்கடை மருமகள்

சரியாகக் கேட்டீர்கள் ஐயா. ஆண்டு முடிவில் 200 மூட்டை கலப்பு உரம் இருந்தது. அடக்க விலை மூட்டைக்கு 130 ரிங்கிட். டிசம்பரில் 142க்கு விற்றுக்கொண்டிருந்தோம். பிப்ரவரியில் 60 மூட்டை கட்டி பிடித்துப் பாறை மாதிரி இருந்ததால் 85 ரிங்கிட்டுக்குத் தள்ளிவிட்டோம். அதே மாதம் பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு கடை திறந்து விலையைக் குறைத்தார்கள். மீதி 140 மூட்டையை 118க்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. டிசம்பர் 31 சரக்கெடுப்புத் தாளில் 200 மூட்டை என்றுதான் இருக்கிறது. கட்டி பிடித்தது பற்றி எந்தக் குறிப்பும் இல்லை.

தைப்பிங் கணக்காளர்

என் கருத்தில் இரண்டுமே சரிக்கட்டும் நிகழ்வுகள். ஆண்டு முடிவுக்குப் பிறகு நடந்த விற்பனையே அந்தச் சரக்கின் விற்பனை மதிப்புக்குச் சான்று என்று தரநிலை எடுத்துக்காட்டாகவே சொல்கிறது. 60 மூட்டைக்கு 45 ரிங்கிட் வீதம் 2,700, 140 மூட்டைக்கு 12 ரிங்கிட் வீதம் 1,680, ஆக 4,380 ரிங்கிட்டைச் சரக்கின் மதிப்பிலிருந்து இறக்க வேண்டும். ஏற்றி இறக்கும் கூலியைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஈப்போ தணிக்கையாளர்

பின்னால் விற்ற விலை சான்றாகலாம் என்பதுதான் எடுத்துக்காட்டு. எப்போதும் சான்று என்று இல்லை. அந்த விலை எதனால் இறங்கியது என்பதைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டால், மளிகைக்கடை தீயையும் இதே காரணம் சொல்லி 2024இல் ஏற்றலாம். புதுக் கடை திறந்தது பிப்ரவரியில். டிசம்பர் 31 அன்று அந்தப் போட்டி இல்லை; 142க்கு வாங்க ஆள் இருந்தார்கள். ஆகவே 140 மூட்டையின் 1,680 ரிங்கிட் 2025இன் நட்டம். தொகை சிறியதாகையால் குறிப்புகூடத் தேவையில்லை.

கட்டி பிடித்த 60 மூட்டைதான் கடினம். உரம் ஈரம் பட்டுக் கட்டியாக வாரங்கள் பிடிக்கும். ஆகவே அது டிசம்பரிலேயே தொடங்கியிருக்கக்கூடும். ஆனால் கூரை ஜனவரியில் ஒழுகியிருந்தால் அது ஜனவரியின் கேடு. கூரை எப்போது ஒழுகியது, அந்த மூட்டைகள் எப்போது வந்தன என்பதைக் காட்டும் காகிதம் ஏதாவது இருக்கிறதா?

உரக்கடை மருமகள்

நவம்பர் மழையில் கூரை ஒழுகி, டிசம்பர் தொடக்கத்தில் தகரம் மாற்றினோம்; ரசீது இருக்கிறது. அந்த 60 மூட்டைகள் அக்டோபர் சரக்கு. சரக்கு ஒப்படைப்புச் சீட்டும் இருக்கிறது. டிசம்பரிலேயே கடினமாக இருந்தது என்று மூட்டை தூக்கும் பையன் சொல்கிறான். மாமியார், அப்படி இருந்திருந்தால் சரக்கெடுப்பில் எழுதியிருப்போமே என்கிறார்.

ஈப்போ தணிக்கையாளர்

ரசீதும் சீட்டும் டிசம்பருக்கு முந்திய ஈரத்தைத்தான் காட்டுகின்றன. நான் தணிக்கை செய்தால் 2,700ஐ 2024இல் இறக்கச் சொல்வேன். ஆனால் சரக்கெடுப்புத் தாளில் குறிப்பு இல்லாதது எதிர்ச்சான்று. உங்கள் தணிக்கையாளர் அந்தப் பையனிடம் நேரில் பேசி முடிவெடுக்கட்டும்.

தைப்பிங் கணக்காளர்

60 மூட்டையில் உடன்படுகிறேன். 140 மூட்டையில் இன்னும் உடன்படவில்லை. சுங்கை சிப்புட் போன்ற சிறிய ஊரில் ஒரு கடை பிப்ரவரியில் திறக்கிறது என்றால், டிசம்பரில் வாடகைக்கு எடுத்து, பலகை மாட்டி, விலை பேசி வைத்திருப்பார்கள். ஊருக்கே தெரிந்திருக்கும். விலை இறங்கும் நிலைமை டிசம்பரிலேயே இருந்தது என்று வாதிடலாம்.

ஈப்போ தணிக்கையாளர்

பலகை மாட்டியிருந்தால் யோசிப்பேன். ஆனால் வரப்போகும் போட்டி வேறு, விலை இறங்கிய சந்தை வேறு. டிசம்பரில் யாராவது ஒரு வாடிக்கையாளர் அந்தக் காரணத்துக்காக 142 தரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

கிந்தா மாணவன்

ஒரு கேள்வி அக்கா. தீப்பிடித்தது மளிகைக்கடை அல்ல, இந்த உரக்கடையே என்றால்? அதுவும் ஜனவரியில்தானே.

ஈப்போ தணிக்கையாளர்

கட்டடமும் சரக்கும் எரிந்த நட்டம் அப்போதும் 2025இல்தான். குறிப்பில் சொன்னால் போதும். ஆனால் அதன் பிறகு வியாபாரத்தைத் தொடரவே வழியில்லை, மூடுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று இயக்குநர்கள் கண்டால், நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்ற அடிப்படையிலேயே 2024 அறிக்கையைத் தயாரிக்க முடியாது. இந்த இடத்தில் மட்டும் பின்னால் நடந்தது முழு அறிக்கையின் அடித்தளத்தையே மாற்றும்.

உரக்கடை மருமகள்

கடைசியாக ஒன்று. ஜனவரி 20 அன்று, 2024 இலாபத்திலிருந்து 30,000 ரிங்கிட் இலாப ஈவு அறிவித்தோம். வரைவில் அதைக் கொடுபட வேண்டிய கடனாக டிசம்பர் 31இல் காட்டியிருக்கிறார்கள். இது சரிதானா?

ஈப்போ தணிக்கையாளர்

இல்லை. டிசம்பர் 31 அன்று அதைக் கொடுக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஜனவரி 20இல்தான் பிறந்தது. எந்த ஆண்டின் இலாபத்திலிருந்து கொடுத்தாலும் அது மாறாது. கடனிலிருந்து எடுத்துவிட்டுக் குறிப்பில் சொல்லுங்கள். இலாபம் 71,000 ஆகக் குறைந்த பிறகும் 30,000 கொடுக்க இடம் இருக்கிறதா என்று இயக்குநர்கள் ஒருமுறை பார்க்கட்டும்.

இன்னொன்று. அறிக்கையில் கையெழுத்திட்ட தேதியும் யார் ஒப்புதல் தந்தார்கள் என்பதும் குறிப்புகளில் இருக்க வேண்டும், ஏனெனில் அந்தத் தேதியோடு இந்தச் சாளரம் மூடுகிறது. ஏப்ரல் 28 அன்று கையெழுத்திட்ட பிறகு மே மாதத்தில் இன்னொருவர் கைவிரித்தால் அது பொதுவாக அடுத்த ஆண்டுக் கணக்கின் வேலை. நிறுவனச் சட்டம் 2016இன்படி பங்குதாரர்களுக்கு அறிக்கையை அனுப்ப உங்களுக்கு ஜூன் 30வரை நேரம் இருக்கிறது. கையெழுத்து தள்ளிப்போனால் நீங்கள் கண் வைத்திருக்க வேண்டிய நாள்களும் அதோடு நீளும்.

உரக்கடை மருமகள்

நன்றி அக்கா. 47,000க்கான பதிவை எழுதிவிட்டேன். இலாப ஈவைக் கடனிலிருந்து எடுத்துவிட்டேன். ஜனவரி 5 பணத்தைப் பாக்கியோடு சேர்த்துத் திருத்திவிட்டேன். 60 மூட்டைக்கான ரசீதும் சீட்டும் தணிக்கையாளரிடம் நாளை போகின்றன. மாமியாரும் மூட்டை தூக்கும் பையனும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

தைப்பிங் கணக்காளர்

புதுக் கடையின் பலகை எப்போது மாட்டப்பட்டது என்று யாராவது விசாரித்தால் இங்கே எழுதுங்கள்.